சிமென்ட் ஏன் பாதியில் தீர்ந்தது?

40 கன மீட்டர் செங்கல் கட்டுக்கு, ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல் என்ற 1:6 கலவையில், 38 மூட்டை சிமென்ட் கணக்குப் போட்டிருந்தேன். 30 கன மீட்டர் முடியும்போதே தீர்ந்துவிட்டது. மேஸ்திரி வீணாக்கவில்லை, தப்பு என்னுடையது.

190×90×90 மி.மீ. கல், 10 மி.மீ. சாந்து என்றால் ஒரு கன மீட்டருக்கு 500 கல். அவற்றின் கன அளவைக் கழித்தால் சாந்து 0.23 கன மீட்டர். இதை அப்படியே ஏழால் வகுத்துவிட்டேன். ஆனால் அது ஈரச் சாந்து! தண்ணீர் ஊற்றியதும் மணலின் இடைவெளிகளில் சிமென்ட் புகுந்து அளவு சுருங்கும். அதனால் உலர்ந்த கலவையின் அளவு கிடைக்க முதலில் 1.33 ஆல் பெருக்க வேண்டும்: 0.307. ஏழில் ஒரு பங்கை, ஒரு கன மீட்டர் சிமென்டின் எடையான 1440 கிலோவால் பெருக்கினால் 63 கிலோ, அதாவது 1.26 மூட்டை. நான் போட்டது 0.95.

மூட்டை 400, எம்-சாண்ட் கன மீட்டர் 2000 ரூபாய் என்று வைத்தால், மணலும் சேர்த்து ஒரு கன மீட்டருக்குச் சுமார் 250 ரூபாய் குறைத்துச் சொல்லியிருக்கிறேன்.