பெயர்ப் பட்டியலிலிருந்து ஒரு பணி ஓய்வு உரை: படிப்படியாக

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டோர்ஸ் கிளார்க் மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார், பேசப்போவது நீங்கள். குரூப்பில் எல்லோரும் சேர்ந்து எழுதிய குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: "கேன்டீன் அக்கா, லேத் அண்ணன், மீஞ்சூர் டிரெயின் ஆளுங்க, கேட் வாட்ச்மேன், பழைய ஃபோர்மேன்." சம்பவம் ஒன்றுகூட இல்லை. அப்படியே வாசித்தால் அது நன்றியுரை ஆகிவிடும்.

1. பெயர்களைப் பிரியுங்கள். அவரைத் தினமும் எங்கே பார்த்தவர்கள் என்று ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் எழுதுங்கள்: கவுன்டரில், கேன்டீனில், கும்மிடிப்பூண்டி லோக்கலில். இடத்துக்கு ஒருவர் போதும், அதிலும் அதிகம் பேசுகிறவராகப் பார்த்து எடுங்கள்.

2. போன் போடுங்கள். மெசேஜ் அனுப்பினால் "நல்ல மனுஷன்" என்ற பதிலும் ஒரு கும்பிடும் வரும். "அவரைப் பத்தி சொல்லுங்க" என்றாலும் அதேதான். எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு நாளைப் பிடித்துக் கேளுங்கள்: "வர்தா புயல் அன்னிக்கு, 2016 டிசம்பர்ல, ஸ்டோர்ஸ் பக்கம் என்னண்ணே நடந்துச்சு?" நாளைச் சொன்னால் ஆட்கள் தாமாகவே அந்த இடத்துக்குப் போய்விடுவார்கள்.

லேத் அண்ணன் சொல்கிறார்: "கரன்ட் போச்சு, டிரெயினும் இல்ல. ஸ்டோர்ஸைத் திறந்து ஆளுக்கு ஒரு டார்ச் குடுத்தாரு. அதுக்கும் ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கிட்டாருப்பா!"

தேடியது இதுதான். ஆனால் உடனே எழுதிவிடாதீர்கள்.

3. இன்னொருவரிடம் சரிபாருங்கள். வாட்ச்மேனிடம் அதே நாளைக் கேளுங்கள், டார்ச் என்ற வார்த்தையை மட்டும் நீங்கள் எடுக்காதீர்கள். அவர் வாயிலிருந்தே அது வந்தால் நம்பலாம். லேத் அண்ணன் பத்து டார்ச் என்று சொல்லி, இவர் நாலைந்து என்றால், எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். இருவரும் சொன்னது மட்டும் உரைக்குள் வரட்டும். மேடையில் தப்பாகச் சொன்னால் முன்வரிசையிலிருந்தே திருத்துவார்கள், நம்ம ஆட்களைத் தெரியாதா!

4. எழுதுங்கள். சம்பவத்தில் ஆரம்பியுங்கள்: "வர்தா அன்னிக்கு ஊரே இருட்டு. நம்ம ஸ்டோர்ஸ்ல மட்டும் ஒருத்தர் ரிஜிஸ்டரைத் திறந்து வெச்சு, டார்ச்சுக்குக் கையெழுத்து கேட்டுட்டு இருந்தாரு." சிரிப்பு அடங்கும் வரை நிறுத்துங்கள். "கண்டிப்பானவர், ஆனால் உதவுகிறவர்" என்று விளக்க வேண்டாம், டார்ச்சே அதைச் சொல்லிவிட்டது. இரண்டு சம்பவம் கிடைத்தால் மூன்று நிமிடத்துக்குத் தாராளம். ஆளாளுக்கு "அவர்களே, அவர்களே" என்று விளிப்பதை ஒரே வரியில் முடித்துவிடுங்கள், அதுவே பாதி நேரத்தைத் தின்றுவிடும்.

5. மிச்சப் பெயர்கள். சிலரிடம் எதுவும் தேறாது. அதற்காகக் கதை கட்டாதீர்கள், விட்டும்விடாதீர்கள், மனஸ்தாபம் வரும். டார்ச் கதை முடிந்ததும், "அன்னிக்குக் கையெழுத்துப் போட்டவங்க கை தூக்குங்க" என்று கேளுங்கள். அப்புறம் மற்றவர்களை, அவரைப் பார்த்த இடத்தோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, சால்வைக்கு வழிவிடுங்கள்.