‘ஃபண்டிங் ஆகியிருக்கா?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

ஸ்டார்ட்அப் வேலைக்கு ரெக்ரூட்டர் கூப்பிட்டால் பலரும் கேட்பது, “கம்பெனி ஃபண்டட்தானே? ஸ்டேபிள்தானே?” என்பதுதான். இரண்டுக்கும் “ஆமாம்” என்ற பதில் வரும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கேட்க வேண்டியவை தேதியும் எண்ணிக்கையும்.

“சீரிஸ் ஏ, 24 கோடி” என்று சொன்னதும் திருப்தியாகிவிடுவது முதல் தவறு. அந்த முதலீட்டு ரவுண்ட் எந்த மாதம் முடிந்தது, தொகை முழுவதும் கைக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள். சில முதலீடுகள் தவணையாகத்தான் வரும். இலக்கை எட்டாவிட்டால் அடுத்த தவணை நின்றுபோகலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த 24 கோடி வந்து 14 மாதம் ஆகிவிட்டது, 60 பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குச் சராசரி மாதச் செலவு 1.2 லட்சம் என்றால் சம்பளத்துக்கே 72 லட்சம். வாடகை, சர்வர், விளம்பரம் என்று இன்னொரு 50 லட்சம். வாடிக்கையாளர்களிடமிருந்து வருவது 30 லட்சம். ஆக, மாதம் 92 லட்சம் கைக்காசு கரைகிறது. 14 மாதத்தில் கிட்டத்தட்ட 13 கோடி போயிருக்கும். மிச்சம் 11 கோடி, சுமார் 12 மாதத்துக்கு வரும்.

இதோடு கணக்கை நிறுத்துவதுதான் அடுத்த தவறு. இன்டர்வியூ சுற்றுகளுக்கு ஒரு மாதம், பழைய கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். நீங்கள் சேரும் அன்று மீதியிருப்பது 8 மாதம்தான். ஆறு மாத புரொபேஷன் முடியும்போது இன்னும் இரண்டு மாதச் சம்பளத்துக்குத்தான் பணம் இருக்கும். இது தோராயம்தான். ஆரம்பத்தில் ஆள் குறைவாக இருந்திருந்தால் செலவும் குறைந்திருக்கும். ஆனாலும் அடுத்த ரவுண்டுக்கான வேலை தொடங்கிவிட்டதா என்று கேட்க வேண்டிய நிலை இது என்பது புரிந்துவிடும்.

ஆள் எண்ணிக்கையிலும் இதே கதைதான். “60 பேர்” என்பதைவிட, ஆறு மாதம் முன்பு எத்தனை பேர் என்பது முக்கியம். 95 பேர் 60 ஆனதும், 40 பேர் 60 ஆனதும் ஒன்றல்ல. அந்த 60-இல் கான்ட்ராக்ட், இன்டர்ன் எத்தனை பேர், உங்களை எடுப்பது புது இடத்துக்கா, யாராவது போன இடத்துக்கா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே இடத்துக்கு ஒரு வருடத்தில் மூன்றாவது ஆள் நீங்கள் என்றால், காரணம் தெரியாமல் போகக் கூடாது.

யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பார்க்காமல் விடுவதும் உண்டு. ஏஜென்சி ரெக்ரூட்டருக்கு நீங்கள் சேர்ந்த பிறகுதான் கமிஷன். கம்பெனி கொடுத்த குறிப்பைத் தாண்டி அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். அவரைக் குறுக்கு விசாரணை செய்வதில் பயனில்லை, கேள்வியைக் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லுங்கள். போனில் அடுக்காமல் ஒரே மெசேஜாக எழுதுவது நல்லது:

“வணக்கம் மேடம், ரோல் எனக்குப் பொருத்தமாக இருக்கிறது. இன்டர்வியூ தேதி முடிவு செய்யும் முன் மூன்று விவரம் கேட்டுச் சொல்ல முடியுமா? கடைசி ரவுண்ட் எப்போது முடிந்தது? ஃபுல்டைம் ஆட்கள் இப்போது எத்தனை, ஆறு மாதம் முன்பு எத்தனை? இது புது பொசிஷனா, ரீப்ளேஸ்மென்டா? கம்பெனியின் பதிவுப் பெயரையும் அனுப்புங்கள்.”

பதிவுப் பெயரைக் கேட்காமல் விடுவதுதான் எங்கள் பார்வையில் பெரிய இழப்பு. ஆப்பின் பெயர் ஒன்றாகவும், பதிவான பிரைவேட் லிமிடெட் பெயர் வேறாகவும் இருக்கும். அந்தப் பெயர் கிடைத்தால் EPFO தளத்தில் Establishment Search பக்கத்தில் தேடலாம், கட்டணம் இல்லை. எந்த மாதச் சம்பளத்துக்கு, எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் பிஎஃப் கட்டினார்கள் என்று வரிசையாகக் காட்டும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியதை மூன்று மாதமாக இழுத்துக் கட்டியிருந்தால், சம்பளமும் அப்படி இழுக்கப்படுகிறதா என்று கேட்க அது போதுமான காரணம். பிஎஃப் எண்ணிக்கை மொத்த ஆட்களைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், கான்ட்ராக்டில் இருப்பவர்கள் அதில் வராமல் இருக்கலாம். 20 பேருக்குக் குறைவான கம்பெனி பட்டியலிலேயே இல்லாமலும் இருக்கலாம். அதனால் ஒரு மாத எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளாமல், மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். பங்கு ஒதுக்கிய விவரம் வேண்டுமானால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் MCA தளத்தில் 100 ரூபாய் கட்டி PAS-3 படிவத்தைப் பார்க்கலாம். முதலீடு எந்தத் தேதியில் பங்காக மாறியது என்பது அதில் இருக்கும்.

வங்கியில் எவ்வளவு இருக்கிறது, மாதம் எவ்வளவு கரைகிறது என்பதை ரெக்ரூட்டரிடம் கேட்காதீர்கள், பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. ஃபவுண்டரோடு பேசும் சுற்று வரும், அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்: “புதிதாகப் பணம் எதுவும் வராவிட்டால் எத்தனை மாதம் ஓடும்?” மாதக் கணக்கில் பதில் சொல்லாமல் சந்தை எவ்வளவு பெரிது என்று பேச ஆரம்பித்தால், அதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள். அப்போதும் எண் வரவில்லை என்றால் கையில் இருக்கும் வேலைக்கு ராஜினாமா கொடுக்காதீர்கள்.