தானாகப் படிப்பவருக்கு இலக்கணம் எழுதுவது எப்படி? 'ஐ' விதியை வைத்து ஒரு செய்முறை

சுயமாகப் படிக்கும் நூலில் இலக்கணம் எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. வாசகர் குறுக்கே கேள்வி கேட்க முடியாது. வகுப்பில் ஒரு மாணவர் விழித்தால் ஆசிரியர் உடனே இன்னொரு எடுத்துக்காட்டைச் சொல்லிவிடுவார். அச்சில் ஏறிய பாடத்துக்கு அந்த வசதி இல்லை. எங்கே சந்தேகம் வரும் என்று எழுதுகிறவர்தான் முன்கூட்டியே தேடிப் பிடிக்க வேண்டும். அதைச் செய்யும் முறையை ஒரே ஒரு விதியை வைத்துப் பார்ப்போம். பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆன ஒருவர், பிழையில்லாமல் தமிழ் எழுத விரும்பி நம் நூலை வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான இலக்கணப் புத்தகத்தில் அந்த விதி இப்படி இருக்கும்: "இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும், தொகையில் மிகாது." இதில் தவறே இல்லை. ஆனால் வேற்றுமை, விரி, தொகை, வல்லினம், மிகுதல் என்ற ஐந்தும் முன்பே தெரிந்தவருக்குத்தான் இது புரியும். அவ்வளவும் தெரிந்தவர் நம் நூலை வாங்கமாட்டார்.

படி 1: எடுத்துக்காட்டுகளை முதலில் சேருங்கள்

விளக்கத்தை எழுதத் தொடங்குவதற்கு முன் இணை இணையாகத் தொடர்களை எழுதிக்கொள்ளுங்கள்.

பால் குடித்தான் – பாலைக் குடித்தான்
படம் பார்த்தாள் – படத்தைப் பார்த்தாள்
கதை கேட்டோம் – கதையைக் கேட்டோம்

இணையில் ஒரே ஒரு வேறுபாடுதான் இருக்க வேண்டும். 'பாட்டுப் பாடினாள் – பாட்டைப் பாடினாள்' என்று எழுதினால் பாடம் அங்கேயே குழம்பிவிடும். இடப்பக்கத்திலும் 'ப்' வருகிறது. அது வேறொரு விதியால் வருவது. வாசகருக்கு அது தெரியாது. "இரண்டிலும்தான் ப் இருக்கிறதே, அப்புறம் என்ன விதி?" என்று கேட்பார். இத்தகைய இணைகளை இரக்கமில்லாமல் நீக்கிவிடுங்கள்.

படி 2: கலைச்சொல்லைச் செயலாக மாற்றுங்கள்

ஒவ்வொரு கலைச்சொல்லையும் எடுத்து, வாசகர் கண்ணால் என்ன பார்க்க வேண்டும், கையால் என்ன எழுத வேண்டும் என்று கேளுங்கள். 'வல்லினம்' என்பதற்கு இங்கே 'க, ச, த, ப வரிசை எழுத்துகள்' என்றாலே போதும். ட, ற இரண்டும் தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வருவதில்லை என்பதால் அவற்றை இந்தப் பாடத்துக்குள் இழுக்க வேண்டாம். ஆனால் 'வரிசை' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். 'க' என்று மட்டும் எழுதினால், 'குடித்தான்' என்பது 'கு'வில்தானே தொடங்குகிறது என்று ஒருவர் நின்றுவிடுவார். கா, கி, கு, கே எல்லாம் சேர்த்துத்தான் என்று ஒரு வரி எழுதுங்கள்.

'மிகும்' என்பதற்கு: அடுத்த சொல் எந்த வரிசையில் தொடங்குகிறதோ அந்த வரிசையின் புள்ளி எழுத்தை முன் சொல்லின் கடைசியில் எழுதுங்கள்.

படி 3: வாசகர் தாமே செய்யக்கூடிய ஒரு சோதனையைக் கொடுங்கள்

அதிக நேரம் பிடிக்கும் வேலை இதுதான். 'பாலை' என்ற சொல்லின் கடைசியில் இருக்கும் ஐ ஒலி வெளியிலிருந்து வந்து ஒட்டியது. 'கதை கேட்டோம்' என்பதில் இருக்கும் ஐ அந்தச் சொல்லுக்கே சொந்தம். ஒட்டிய ஐ-க்குப் பின்தான் நம் விதி. இரண்டையும் பிரித்தறிய வாசகர் என்ன செய்வது?

"ஐ-யை நீக்கிப் பாருங்கள், மிச்சம் ஒரு சொல்லாக நின்றால் அது ஒட்டியது" என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். பாலை, பால் ஆகிறது; சரி. குதிரையில் ஐ-யை நீக்கினால் 'குதிர்' வருகிறது. நெல் கொட்டி வைக்கும் குதிர்! சோதனை கவிழ்ந்தது.

"எதை என்று கேளுங்கள்" என்பது இரண்டாவது யோசனை. எதைக் கேட்டோம் என்றால் 'கதை' என்றும் பதில் சொல்லலாம், 'கதையை' என்றும் சொல்லலாம். அதுவும் உதவாது.

இன்னொரு ஐ சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கதை, கதையை ஆகும். ஆகவே அதிலுள்ள ஐ சொந்தம். 'கதவை' என்பதோடு இன்னொரு ஐ சேராது. 'கதவையை' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே அது ஒட்டியது. இனி இந்தச் சோதனையை உடைக்கப் பாருங்கள். அதற்கு ஏற்ற சொல் 'கடலை'.

கடலை தின்றோம்.
கடலைப் பார்த்தோம்.

தின்கிற கடலை, 'கடலையை' ஆகும். கடல் என்ற பொருளில் வரும் கடலையோடு இன்னொரு ஐ சேராது. சோதனை தாக்குப்பிடிக்கிறது. ஆனால் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு செய்தால்தான் தாக்குப்பிடிக்கும். அந்த நிபந்தனையைப் பாடத்தில் எழுதியாக வேண்டும்.

இப்போது பாடத்தின் மையப் பகுதி இப்படி அமையும்:

> ஐ ஒலியில் முடியும் சொல்லைப் பார்த்தால், அதே பொருளில் இன்னொரு ஐ சேருமா என்று பாருங்கள். சேராவிட்டால், அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பாருங்கள். அது க, ச, த, ப வரிசையில் இருந்தால் இடையில் க், ச், த், ப் எழுதுங்கள். கதவைத் திறந்தான். கடலைப் பார்த்தோம்.

படி 4: விதி எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள்

'மலைப்பாதை' என்பதில் மலையின் ஐ சொந்தம்தான். ஆனாலும் ப் வருகிறது. கூர்மையான வாசகர் இதைக் கண்டுபிடித்து, நூலே தவறு என்று நினைப்பார். "இன்னொரு ஐ சேர்ந்தால் எழுத வேண்டாம்" என்று நாம் அடித்துச் சொல்லியிருந்தால், அவர் நினைப்பதும் சரிதான். "இன்னொரு ஐ சேர்ந்தால் இந்தப் பாடத்தின் விதி பொருந்தாது, மலைப்பாதை போன்ற கூட்டுச் சொற்களைப் பின்னால் பார்ப்போம்" என்று ஒரே வாக்கியத்தில் எல்லையைக் காட்டுங்கள். எல்லா விலக்குகளையும் இங்கேயே கொட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

'இரண்டாம் வேற்றுமை உருபு' என்ற பெயரை ஒரே ஒருமுறை, பாடத்தின் கடைசியில் சொன்னால் போதும். பின்னால் வேறொரு இலக்கண நூலைத் திறக்கும்போது அவருக்கு அது தேவைப்படும்.

படி 5: பயிற்சியில் பொறி வையுங்கள்

எல்லாக் கேள்விக்கும் ஒற்று வரும் என்றால் வாசகர் யோசிக்காமல் போட்டுக்கொண்டே போவார். ஒற்று வராதவற்றையும் கலந்து கொடுங்கள்: குதிரை பாய்ந்தது, குதிரையை பிடித்தார்கள், சட்டை கிழிந்தது, சட்டையை துவைத்தாள், அவனை கூப்பிடு, கதவை மூடு. கடைசியில் இருப்பதுதான் பொறி. ஐ ஒட்டியது; ஆனால் 'மூ' நம் நான்கு வரிசையில் இல்லை. எனவே எதுவும் எழுதக் கூடாது. விடைப் பகுதியில் இந்தக் காரணத்தையும் அச்சிடுங்கள். காரணம் இல்லாத விடை, தனியே படிப்பவருக்கு அரைகுறை உதவிதான்.

பிறகு, இலக்கணம் மறந்துபோன ஒருவரிடம் பாடத்தைக் கொடுத்துவிட்டு அருகில் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். எந்த வரியை அவர் திரும்பப் படிக்கிறார் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். முடித்ததும், சரியாக எழுதிய விடைகளுக்கும் காரணம் கேளுங்கள். "சொல்லிப் பார்த்தேன், காதுக்கு அப்படித்தான் பட்டது" என்றால் உங்கள் சோதனையை அவர் பயன்படுத்தவே இல்லை. காதை மட்டும் நம்பினால் தடுமாறக்கூடிய கடலை இணையை விளக்கத்தின் தொடக்கத்துக்கே கொண்டுவந்து, அவரை அதில் சோதனையைச் செய்ய வைத்துவிட்டு மேலே போங்கள்.