ஒரே தோலை இரண்டு பக்கமும் வைக்காதீர்கள்: முதல் பயிற்சிப் பணியில் நடக்கும் தரவுக் கசிவு

போன மாதம் காட்பாடியிலிருந்து பயிற்சிக்கு வரும் ஒரு தம்பி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு ஓடி வந்தான். "அண்ணா, 98 சதவீதம்!" என்றான். தோல் படங்களைப் பார்த்துத் தரம் சொல்லும் மாடல் வேலையைக் கொடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய என் முகம் நினைவுக்கு வந்தது. "பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவை எப்படிப் பிரித்தாய்?" என்று மட்டும் கேட்டேன். படங்களைக் கலைத்து இரண்டாகப் பிரிக்கும் `train_test_split` என்றான். அதே வழுக்குப் பாறை.

விடை எழுதிய நெடுவரிசையையே உள்ளீட்டில் விட்டுவைப்பது, பயிற்சித் தரவிலேயே மதிப்பெண் பார்ப்பது போன்றவற்றை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை யாராவது ஒருவர் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார். எவர் கண்ணிலும் படாமல் அறிக்கை வரை போய், அங்கிருந்து ஆலை வரை போய், அங்கே மானத்தை வாங்கும் தவறு ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

## படங்களைப் பிரித்தேன், தோல்களைப் பிரிக்கவில்லை

இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலைக்காக நாங்கள் வேலை செய்த காலம். சாயம் ஏறிய ஆட்டுத் தோல்களைப் படத்தைப் பார்த்தே முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரிக்க வேண்டும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு ஆகியவை எவ்வளவு, எந்த இடத்தில் என்பதைப் பொறுத்துத் தரம் மாறும். ஆலையில் முப்பது ஆண்டுகளாகத் தரம் பிரிக்கும் ஒரு பாய் 60 தோல்களைப் பார்த்துத் தரம் சொன்னார். 14 முதல் தரம், 30 இரண்டாம் தரம், 16 மூன்றாம் தரம்.

60 என்பது மாடலுக்குப் போதாது என்று ஒவ்வொரு தோலின் படத்தையும் 20 துண்டுகளாக வெட்டினேன். 1,200 படங்கள் கிடைத்தன. ஒரு தோலுக்குப் பாய் சொன்ன தரத்தையே அதன் 20 துண்டுகளுக்கும் எழுதினேன். பிறகு கலைத்துப் போட்டு 960 படங்களைப் பயிற்சிக்கும் 240 படங்களைச் சோதனைக்கும் வைத்தேன். 97 சதவீதம் வந்தது. அன்று மாலை எல்லோருக்கும் என் செலவில் டீ.

அடுத்த லாட்டிலிருந்து 12 தோல்கள் வந்தன. மாடல் சரியாகச் சொன்னது ஐந்து. அந்த 12 தோல்களில் ஆறு இரண்டாம் தரம். அதாவது படத்தையே பார்க்காமல் எல்லாவற்றுக்கும் "இரண்டாம் தரம்" என்று சொல்லியிருந்தால்கூட என் மாடலை வென்றிருக்கலாம்.

பாய்க்குக் கணினி தெரியாது. நான் செய்ததை விளக்கச் சொன்னார், விளக்கினேன். "அதே தோலின் ஒரு துண்டைக் காட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பக்கத்துத் துண்டைக் கேள்வியாகக் கேட்டிருக்கிறாய். தோலை அடையாளம் தெரிந்தால் போதுமே தம்பி, தரம் எதற்குத் தெரிய வேண்டும்?" என்றார். சோதனைத் தரவின் விவரம் பயிற்சிக்குள் நுழைந்துவிடும் இந்தத் தரவுக் கசிவு பற்றி நூல்களில் நான் படித்திருந்தேன். எனக்கு அது புரிந்தது அன்றுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு துண்டு சோதனைப் பக்கம் போகிறது என்றால், அதன் மற்ற 19 உடன்பிறப்புகளில் ஒவ்வொன்றும் பயிற்சிப் பக்கம் போக ஏறக்குறைய 80 சதவீத வாய்ப்பு. அந்த 19 துண்டுகளும் சோதனைப் பக்கமே வந்து சேர வாய்ப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆகவே சோதனையில் இருந்த 240 படங்களுக்கும் பயிற்சியில் சொந்தம் இருந்தது. ஒரு தோலுக்கு இரண்டே படம் என்று வைத்துக்கொண்டாலும், சோதனைப் படங்களில் ஐந்தில் நான்குக்கு ஜோடி மறுபக்கம் இருக்கும்.

ஒரே தோலின் துண்டுகளுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது? சாயத்தின் நிறம், மேற்பரப்பின் நுண்ணிய அமைப்பு, படம் எடுத்த நேரத்து வெளிச்சம். இவை மூன்றும் தழும்பைவிட எளிதில் பிடிபடுபவை. மாடல் சோம்பேறி. "இந்த நிறம் என்றால் 23-ஆம் தோல், 23 என்றால் மூன்றாம் தரம்" என்ற குறுக்கு வழி கிடைக்கும்போது உண்ணிக் கடியைத் தேடி அது ஏன் அலைய வேண்டும்?

இது எங்களைப் போன்ற சிற்றூர் ஆட்களுக்கு மட்டும் நேரும் சறுக்கல் இல்லை. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மார்பு எக்ஸ்ரே படங்களில் நிமோனியாவைக் கண்டறியும் செக்ஸ்நெட் மாடலை வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய தொகுப்பில் 30,805 நோயாளிகளின் 1,12,120 படங்கள். கட்டுரையின் முதல் வடிவத்தில் படங்களைத்தான் கலைத்துப் பிரித்திருந்தார்கள். ஒரே நோயாளி இரண்டு பக்கமும் வரலாம் என்று பிறர் சுட்டிக்காட்டிய பிறகு, நோயாளி வாரியாகப் பிரித்துக் கட்டுரையைத் திருத்தினார்கள்.

திருத்தம் மூன்று வரிதான்:

```python
from sklearn.model_selection import GroupShuffleSplit

gss = GroupShuffleSplit(n_splits=1, test_size=0.2, random_state=42)
tr, te = next(gss.split(df, df["grade"], groups=df["skin_id"]))

assert not set(df["skin_id"].iloc[tr]) & set(df["skin_id"].iloc[te])
```

கடைசியில் இருக்கும் `assert` வரியை அழகுக்காக வைக்கவில்லை. எந்தப் பயிற்சியாளர் என்னிடம் வந்தாலும் நான் முதலில் தேடுவது அதைத்தான். இன்னொன்று, இங்கே `test_size=0.2` என்பது படங்களில் ஐந்தில் ஒரு பங்கைக் குறிக்காது, தோல்களில் ஐந்தில் ஒரு பங்கைக் குறிக்கும். ஒரு தோலுக்குப் பத்துப் படம், மற்றொன்றுக்கு நூறு படம் என்று இருந்தால் சோதனைப் பக்கத்தின் அளவு நீங்கள் நினைத்தபடி வராது.

`train_test_split`-இல் `stratify` கொடுத்தேனே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. அது இரு பக்கமும் தரங்களின் விகிதத்தைச் சமமாக வைக்கும். யாருடைய துண்டு எங்கே போகிறது என்பதை அது பார்ப்பதே இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் `StratifiedGroupKFold` இருக்கிறது.

தோல் வாரியாகப் பிரித்ததும் என் 97 சதவீதம் 61 ஆக இறங்கியது. எல்லாவற்றுக்கும் "இரண்டாம் தரம்" என்றால் 50 கிடைக்கும். ஆக, உண்மையில் மாடல் கற்றுக்கொண்டது அந்தச் சிறு இடைவெளி மட்டுமே.

அந்த 61-ஐயும் அப்படியே நம்பவில்லை. சோதனைப் பக்கம் இருந்தவை 12 தோல்கள். ஒரு தோல் இடம் மாறினாலே மதிப்பெண் எட்டு சதவீதம் ஆடும். அதனால் `GroupKFold` கொண்டு ஐந்து முறை மாற்றி மாற்றிப் பிரித்தேன். 54 முதல் 67 வரை வந்தது. அறிக்கையில் அந்த இரண்டு எண்களையும் எழுதினேன். மேலாளருக்கு ஒற்றை எண்தான் பிடிக்கும். பிடிக்காமல் போகட்டும்.

இதோடும் முடியவில்லை. 60 தோல்களும் நான்கு லாட்டுகளில் வந்தவை. ஒரு லாட் ஒரே டிரம்மில் சாயம் ஏறி, ஒரே நாளில் ஜன்னலோரம் வைத்துப் படம் எடுக்கப்பட்டது. மூன்றாம் லாட்டில் பெரும்பாலும் மூன்றாம் தரமே வந்திருந்தது. அப்படியானால் தோலைப் பிரித்தாலும் லாட்டின் நிறம் கசிகிறது. ஆலைக்கு நாளை வரப்போவது புதிய லாட் என்பதால், ஒரு லாட்டை முழுவதுமாக ஒதுக்கிவைத்துச் சோதிப்பதே நேர்மையான கேள்வி. `groups` இடத்தில் `df["lot_id"]` கொடுத்து, `GroupKFold`-இல் `n_splits=4` என்று வைத்தால் போதும். நான்கே லாட் என்றால் மதிப்பெண் இன்னும் அதிகமாக ஆடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எதை வைத்துப் பிரிப்பது என்று குழம்பினால், மாடல் வேலைக்குப் போகும் நாளில் எது புதிதாக வரும் என்று கேளுங்கள்.

## புதுத் தரவு வருவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது

நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு துண்டின் சராசரிச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களை மட்டும் எடுத்துக்கொள்வேன். மிக அருகிலிருக்கும் ஒரே அண்டையைப் பார்த்து விடை சொல்லும் எளிய முறைக்கு அவற்றைக் கொடுப்பேன். மூன்று எண்களில் எந்தத் தழும்பும் தெரியாது. அதுவும் 90-ஐத் தொட்டால், உங்கள் பெரிய மாடலும் நிறத்தைத்தான் படிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்தத் தம்பியின் தரவில் 93 வந்தது. அவன் அன்று டீ குடிக்கவில்லை.

## கோப்புகளின் பெயரை "ஒழுங்கு" செய்வது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கேமரா கொடுத்த பெயர்கள் அசிங்கமாக இருக்கின்றன என்று அந்தத் தம்பி எல்லாவற்றையும் கலைத்து `0001.jpg` முதல் `1500.jpg` வரை பெயர் மாற்றிவிட்டான். எந்தப் படம் எந்தத் தோலுடையது என்பது அதோடு போயிற்று. நல்லவேளையாக மூலப் படங்கள் மெமரி கார்டில் இருந்தன. தோலை எடுத்து வேறு தோலை விரிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால், படம் எடுத்த நேரங்களில் இருந்த இடைவெளியைப் பார்த்துத் தோல்களை மீட்டோம். சந்தேகமானவற்றைக் கண்ணால் பார்த்துச் சரி செய்ய ஒரு முழு நாள் போயிற்று. பெயரைத் தொடாதீர்கள். அடையாள எண்ணுக்குத் தனி நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

## நகல்களால் படங்களைப் பெருக்கிவிட்டுப் பிரிப்பது

வேண்டாம். புரட்டிய நகல் சோதனையில், மூலம் பயிற்சியில்: அதே கதை.

## அளவுகளை முன்கூட்டியே சமன் செய்வது

முழுத் தரவின் சராசரியைக் கழித்துவிட்டுப் பிரித்தால், சோதனைத் தரவின் சாயல் பயிற்சிக்குள் வந்துவிடும். `fit` பயிற்சிப் பக்கத்தில் மட்டும், `transform` இரண்டு பக்கமும். `Pipeline` பயன்படுத்தினால் இதை நினைவில் வைத்திருக்கக்கூடத் தேவையில்லை. தோல் கசிவோடு ஒப்பிட்டால் இதன் சேதம் பெரும்பாலும் சிறியது. ஆனாலும் நேர்காணலில் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

## படச் சட்டத்துக்குள் எண் எழுதுவது

பிரிப்பதற்குத் தோல் எண் வேண்டும் என்று சொன்னதும், அடுத்த லாட்டில் தம்பி ஒவ்வொரு தோலின் மேலும் சுண்ணக்கட்டியால் எண்ணை எழுதிவிட்டுப் படம் எடுத்து வந்தான். பாய் தரம் வாரியாக அடுக்கிவைத்திருந்த வரிசையிலேயே எண் போட்டிருக்கிறான்: 1 முதல் 9 வரை முதல் தரம், அதற்குப் பிறகு இரண்டாம் தரம். மாடல் தோலைப் பார்க்காமல் எண்ணைப் படித்தே தரம் சொல்லிவிடும். இப்போது எண்களைச் சீட்டில் எழுதி, தோலின் வாலோரத்தில் கட்டி, கேமரா பார்க்காத பக்கம் மடக்கி வைக்கிறோம்.