மழை மாதங்களில் பால் பவுடர் கட்டி தட்டாமல் வைப்பது எப்படி: ஒரு குன்னூர் சமையலறைக் கணக்கு

அக்டோபர் பிறந்துவிட்டால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், பிஸ்கட் ஒரே இரவில் நமத்துப் போகும். கூடலூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை ஜூனிலேயே ஆரம்பித்துவிடுகிறது. கொடைக்கானலிலும் வடகிழக்குப் பருவமழையில் இதே கதைதான். இந்த மாதங்களில் பிரித்த பால் பவுடரை எப்படி வைப்பது, எப்போது அதைக் கைவிடுவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். தராசு ஒன்று இருந்தால் நல்லது. ஒரு கிராம் வரை காட்டும் சாதாரண சமையலறைத் தராசு போதும்.

முதலில், ஏன் கட்டி தட்டுகிறது

முழுக் கொழுப்புப் பால் பவுடரில் 100 கிராமுக்கு 38 கிராம் அளவுக்குப் பால் சர்க்கரைதான், அதாவது லாக்டோஸ். கொழுப்பு நீக்கிய பவுடரில் ஏறத்தாழ பாதியே அது. பாலைத் தெளித்து நொடியில் உலர்த்துவதால், இந்தச் சர்க்கரைக்குப் படிகமாக நேரம் கிடைப்பதில்லை. கண்ணாடி மாதிரி ஒழுங்கற்ற நிலையில் உறைந்து நிற்கிறது. அந்த நிலையில் இருக்கும் சர்க்கரை ஈரத்தை ஆசையாக இழுக்கும். ஈரம் ஏற ஏற, துகள்களின் மேல்பரப்பு பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டும். இதுதான் விரலால் நசுக்கினால் உடையும் மெல்லிய கட்டி.

இன்னும் ஈரம் ஏறினால் லாக்டோஸ் படிகமாகத் தொடங்கும். அப்போது பிடித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு பகுதியை வெளியே விடும். அந்தத் தண்ணீர் பக்கத்துத் துகள்களை நனைக்கும். இதனால்தான் நேற்று வரை நன்றாக இருந்த பவுடர், இரண்டு மூன்று நாளில் டப்பாவின் வடிவத்திலேயே கல்லாகி நிற்கிறது. இந்தக் கட்டத்துக்குப் போனது திரும்பாது. வெயிலில் காயவைத்தாலும், வாணலியில் வறுத்தாலும் படிகம் பழைய நிலைக்கு வராது, பவுடர் பழுப்பாவதுதான் மிச்சம்.

கடையில் வாங்கும்போதே பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். டீக்கு என்று விற்கும் பல பவுடர்களில் சீனியும் சேர்த்திருக்கும். அவை இன்னும் சீக்கிரம் கட்டி பிடிக்கும்.

படி 1: ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போடுங்கள்

டப்பாவைத் திறக்கும்போது உள்ளே போகும் காற்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அது அப்படி இல்லை. 18 டிகிரிக் குளிரில், மேகம் வீட்டுக்குள் இறங்கிய நாளில்கூட, ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் நீராவி 15 மில்லிகிராம் அளவுதான். தினம் ஒரு முறை திறந்து, ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் காற்று முழுதாக மாறி, அதன் ஈரம் அத்தனையும் பவுடருக்குள் போனாலும் ஒரு மாதத்தில் அரை கிராம்கூட ஆகாது. அரைக் கிலோ பவுடருக்கு இது பொருட்டே இல்லை.

ஆனால் ஈரக் கரண்டியில் ஒட்டியிருக்கும் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் 50 மில்லிகிராம் இருக்கும். அது முழுக்க ஒரே இடத்தில் விழுந்து அங்கேயே கட்டியாகும். கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே டப்பாவைப் பிடித்துக்கொண்டு கரண்டியால் அள்ளிப் போடுகிறோமே, அப்போது கரண்டியிலும் டப்பாவின் வாயிலும் ஆவி படிவது அதைவிட மோசம். எல்லாவற்றையும் விட மோசமானது சரியாகப் பொருந்தாத மூடி. அது இரவு பகலாக, வாரக்கணக்கில் ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும்.

படி 2: டப்பாவைச் சோதியுங்கள்

மேலே சும்மா உட்காரும் மூடி கொண்ட எவர்சில்வர் டப்பா இந்த வேலைக்கு ஆகாது. ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடியோ, மூடி இறுக்கமாகத் திருகும் காலி ஜாம் பாட்டிலோ எடுங்கள். உள்ளே ஒரு டிஷ்யூ தாளைப் போட்டு மூடி, தண்ணீர்ப் பாத்திரத்தில் தலைகீழாக அமுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுத் திறந்தால் தாள் காய்ந்திருக்க வேண்டும்.

இதில் தேறிய பாட்டிலை நன்றாகக் காய வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கவிழ்த்து வைத்தால் காலைக்குள் காய்ந்துவிடும் என்று மலையில் நம்ப முடியாது. துணியால் துடைத்து, அடுப்பின் பக்கத்தில் வெதுவெதுப்பில் வைத்து, பிறகு முழுதாக ஆறவிட்டுத்தான் பவுடரைப் போட வேண்டும்.

படி 3: பிரித்து வையுங்கள்

500 கிராம் பாக்கெட் ஒன்று, வீட்டில் இரண்டு பேர், டீக்கும் காபிக்குமாக ஒரு நாளைக்கு 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இருபது நாளுக்கு வரும். இதில் 150 கிராமைச் சின்ன பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆறு நாளைக்கான பங்கு. தினம் தொடுவது இதை மட்டும்தான்.

மீதி 350 கிராமை வேறு டப்பாவில் கொட்டாதீர்கள். உள்ளே வெள்ளிப் பூச்சு உள்ள அதே பாக்கெட்டிலேயே இருக்கட்டும். ஈரம், வெளிச்சம், காற்று மூன்றையும் தடுப்பதில் சாதாரண பிளாஸ்டிக் பையைவிட அது எவ்வளவோ மேல். பாக்கெட்டை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, வாயை மூன்று நான்கு மடிப்பு மடித்து, கிளிப் போட்டு, அப்படியே பெரிய ஜாடிக்குள் வைத்து மூடுங்கள். பாக்கெட் பிரித்த தேதியை ஜாடி மேல் எழுதி ஒட்டுங்கள்.

இப்போது தராசு. பெரிய ஜாடியை மூடியோடு நிறுத்து, எடையையும் எழுதிவிடுங்கள். உதாரணத்துக்கு 812 கிராம். ஆறு நாள் கழித்து, திறப்பதற்கு முன்னால் மறுபடி நிறுங்கள். 812, 813 என்று நின்றால் மூடி நல்ல மூடி. 819 காட்டினால், வெளிப்புற ஈரத்தைத் துடைத்த பிறகும் அதே எடை என்றால், ஏழு கிராம் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. 350 கிராமில் அது இரண்டு சதவீதம். ஆலையிலிருந்து வரும்போது பவுடரில் மூன்று, நான்கு சதவீத ஈரம் இருக்கும். உணவுத் தரவிதி அனுமதிக்கும் உச்சம் ஐந்து. ஆக, எல்லையைத் தொட்டாயிற்று அல்லது தாண்டியாயிற்று. கண்ணுக்குக் கட்டி தெரியும் முன்பே தராசு சொல்லிவிடும். உடனே ஜாடியை மாற்றி, அந்தப் பவுடரை முதலில் தீர்த்துவிடுங்கள்.

படி 4: அரிசி முடிச்சு வேண்டாம்

கோத்தகிரியில் தங்கும் விடுதி நடத்தும் தோழி ஒருத்தி, "அரிசி முடிஞ்சு போட்டேன்க்கா, அப்படியும் கட்டியாயிடுச்சு" என்றாள். ஆகாமல் என்ன செய்யும்? உப்புக்குச் சரிப்படும் வழக்கம் இங்கே சரிப்படாது. நாம் சமைக்கும் அரிசியிலேயே 12, 13 சதவீதம் ஈரம் இருக்கிறது. பால் பவுடர் அதைவிடப் பல மடங்கு காய்ந்த பொருள். மூடிய ஜாடிக்குள் இரண்டையும் சேர்த்து வைத்தால் அரிசியிலிருந்து ஈரம் பவுடருக்குப் போகும், எதிர்ப்பக்கம் போகாது.

அரிசிதான் வேண்டும் என்றால் வெறும் வாணலியில் நிறம் மாறும் வரை வறுத்து, மூடிய டப்பாவில் ஆறவைத்து, மெல்லிய துணியில் கட்டிப் போடலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். உணவுக்கென்று விற்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இதைவிடச் சுலபம். அதையும் பாக்கெட்டுக்கு வெளியே, ஜாடிக்குள் வையுங்கள்.

படி 5: இடம்

அடுப்புக்கு மேலே உள்ள தட்டு வேண்டாம். மழையடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம், ஓதம் ஏறும். வீட்டின் நடுச்சுவரில் உள்ள அலமாரி நல்லது. ஃபிரிட்ஜ் தேவையில்லை. மலைக் குளிரில் அதனால் பெரிய லாபம் இல்லை, வெளியே எடுத்ததும் திறந்தால் குளிர்ந்த பாக்கெட்டின் மேல் காற்றின் ஈரம் வியர்க்கும்.

படி 6: நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது

பாக்கெட்டில் அச்சிட்ட தேதி பிரிக்காத பாக்கெட்டுக்கு. பிரித்த பிறகு எத்தனை நாள் என்று பாக்கெட்டிலேயே போட்டிருந்தால் அதுதான் கணக்கு. போடாவிட்டால், மழை மாதங்களில் முழுக் கொழுப்புப் பவுடருக்கு நான் வைக்கும் எல்லை ஒரு மாதம். கொழுப்பு நீக்கியது, ஈரம் ஏறாமல் இருந்தால், இரண்டு மாதம் தாங்கும். ஏன் இந்த வித்தியாசம் என்றால், முழுக் கொழுப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. காற்று பட்டால் அது காறிப் போகும். லாக்டோஸ் படிகமாகும்போது துகளுக்குள் அடைபட்டிருந்த கொழுப்பும் வெளியே கசிவதால், கல்லாகிப் போன பவுடர் சீக்கிரமே காறும்.

சோதிக்க, ஒரு தேக்கரண்டி பவுடரை அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி, முகர்ந்து பாருங்கள். உலர்ந்த பவுடரில் ஒளிந்திருக்கும் வாடை சூட்டில் வெளியே வரும். பழைய எண்ணெய்ச் சிக்கு வாடையோ பெயின்ட் வாடையோ அடித்தால் கொட்டிவிடுங்கள். வாடை இல்லை, ஆனால் எவ்வளவு கலக்கினாலும் வெள்ளைத் துகள் மிதக்கிறது, அடியில் மணல் போல் தங்குகிறது என்றால் பழசாகிவிட்டது. புதுப் பவுடரைவிடப் பழுப்பாக இருந்தாலும் அப்படியே. பூசணம், பூச்சி, புளித்த வாடை எதுவாக இருந்தாலும் சலித்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம்.

விரலில் உடையும் மெல்லிய கட்டி, நிறமும் வாடையும் சரி என்றால் பயப்பட வேண்டாம். புதுப் பாக்கெட்டில்கூட மூட்டை அடுக்கிய அழுத்தத்தால் இப்படி இருக்கும். சலித்து, பால் அல்வாவுக்கோ டீக்கோ ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடலாம்.

குழந்தை ஃபார்முலா பவுடருக்கு இதெல்லாம் பொருந்தாது

அதை முகர்ந்து முடிவு செய்யக் கூடாது, வேறு பாட்டிலுக்கு மாற்றவும் கூடாது. டின்னில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடிந்தால் முடிந்ததுதான், கட்டி தட்டியிருந்தால் நாள் பாக்கி இருந்தாலும் வேண்டாம். பால் பவுடர் கிருமி நீக்கிய பொருள் அல்ல என்பதால், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் உள்ள தண்ணீரில் ஃபார்முலாவைக் கரைத்து, ஆறவைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உதகை உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், இருந்தாலும் 70-க்கு அது தாராளம். ஆனால் குளிரில் சீக்கிரம் ஆறிப்போகும். அதனால் முதலில் பவுடரை அளந்து வைத்துக்கொண்டு, டின்னை மூடிய பிறகு கெட்டிலை எடுங்கள். ஆவி டின்னுக்குள் போகாமலும் இருக்கும்.