மொத்தம் சரி, அளவு தப்பு

எங்கள் துணிக்கடையின் பெரிய கடையிலிருந்து கிளைக்குப் பனியன் அனுப்பும்போது சீட்டில் “பனியன் 120” என்று மட்டும்தான் எழுதுவோம். அங்கேயும் 120 எண்ணிக் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் மாதக் கடைசியில் 90 அளவு மட்டும் குறையும். யார் எடுத்தது என்று பையன்களைச் சந்தேகப்பட்டது இன்றும் எனக்கு வருத்தம்.

அப்புறம் அளவுவாரியாக எழுதினேன். அனுப்பிய எண்ணிக்கை கிளைக்குப் போகும் நகலில் இருக்காது. அதைப் பார்த்துவிட்டால் எண்ணாமலே டிக் போட்டுவிடுவார்கள். அவர்கள் எண்ணி எழுதியதும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பேன்.

```
அளவு  அனுப்பியது  வந்தது  வித்தியாசம்
85       40       40       0
90       50       47      -3
95       30       33      +3
```

மொத்தம் அதே 120. உடனே பெரிய கடை அலமாரியை எண்ணினேன். 90 மூன்று கூடுதல், 95 மூன்று குறைவு. கவர் ஒரே நிறம் என்பதால் கட்டும்போதே மாறியிருக்கிறது. எதுவும் தொலையவில்லை, அதனால் நஷ்டக் கணக்கு எழுதாமல் அனுப்பிய எண்ணிக்கையை 47, 33 என்று திருத்தினேன். அலமாரியிலும் அந்த மூன்று இல்லாமல் இருந்தால்தான் வழியில் தேட வேண்டும்.