மார்ச் 31-க்குள் நஷ்டப் பங்கை விற்றால் வரி குறையும்

இந்த நிதியாண்டில் பங்கு விற்று 80,000 ரூபாய் குறுகிய கால லாபம் பார்த்தீர்கள் என்று வையுங்கள். 20 சதவீதக் கணக்கில் வரி 16,000 ரூபாய், செஸ் தனி. அதே சமயம், ஆறு மாதத்துக்கு முன் 500 ரூபாய்க்கு வாங்கிய 200 பங்குகள் இப்போது 250-இல் கிடக்கின்றன. மார்ச் முடிவதற்குள் அவற்றை விற்றால் 50,000 ரூபாய் நஷ்டம் கணக்கில் ஏறும். மீதி 30,000-க்கு வரி 6,000 ரூபாய்தான்.

அந்தப் பங்கு மேல் நம்பிக்கை இருந்தால் திரும்ப வாங்கலாம், ஆனால் அடுத்த நாள் வாங்குங்கள். அன்றே வாங்கினால் ஒரே நாளில் வாங்கி விற்கும் இன்ட்ராடே ஆகிவிடும். நஷ்டம் இந்த லாபத்தில் கழியாது. புதிதாக வாங்கிய விலை 250 என்பதால், பின்னால் விலை ஏறி விற்கும்போது அந்த லாபத்துக்கு வரி வரும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே டீமேட் கணக்கில் முதலில் வாங்கிய பங்கே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். அதே பங்கை முன்பு 100 ரூபாய்க்கும் வாங்கியிருந்தால், நஷ்டத்துக்குப் பதில் லாபம்தான் பதிவாகும். விற்கும் முன் வாங்கிய தேதிகளைப் பார்த்துவிடுங்கள். அப்புறம், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கின் நஷ்டம் நீண்ட கால லாபத்தில் மட்டுமே கழியும்.